169.254-ல ஆரம்பிக்கிற ஐபி வந்தா இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

வைஃபை கனெக்ட் ஆயிருக்கு ஆனா நெட் வரலன்னா, விண்டோஸ்ல மொதல்ல இத அடிச்சுப் பாருங்க.

```
ipconfig
```

192.168-ல தொடங்குற ஐபிக்கு பதிலா 169.254.37.12 மாதிரி ஒன்னு இருந்தா அது ரூட்டர் குடுத்தது இல்ல, சிஸ்டம் எனக்கு ஒரு ஐபி குடுங்கன்னு டிஹெச்சிபி சர்வர தேடி திரும்பத் திரும்ப கேட்டுப் பாத்துட்டு, பதிலே வராததால தானா எடுத்து வச்சுக்கிட்டது. மேக்ல இதையே Self-Assigned IP-ன்னு காட்டும்.

இத பாத்ததும் நெட் கம்பெனிக்கு போன் போடுறதுதான் பெரிய தப்பு. வெளிய லைன் அறுந்து கெடந்தாலும் வீட்டு ரூட்டர் உள்ள ஐபி குடுத்துக்கிட்டேதான் இருக்கும், அதனால 169.254 வந்துச்சுன்னா கோளாறு உங்க சிஸ்டத்துக்கும் ரூட்டருக்கும் நடுவுலதான். டிஎன்எஸ்-ஸ 8.8.8.8-ன்னு மாத்துறதும் வேஸ்ட், கேட்வேயே இல்லாதப்ப அங்க எப்படி போகும்?

அடுத்தது ரூட்டர ரீஸ்டார்ட் பண்ணிட்டு சரியாயிடுச்சுன்னு விட்டுடுறது. ஒரு சின்ன ஆபீஸ வச்சு சொல்றேன். ரூட்டர்ல பூல் 192.168.1.100-லருந்து 149 வரைக்கும், அதாவது 50 ஐபி, லீஸ் டைம் 24 மணி நேரம். ஸ்டாஃப் லேப்டாப், போன், பிரிண்டர், கேமரா எல்லாம் சேந்து 40 எடுத்துக்கும், காலைல வந்துட்டுப் போன விசிட்டர்ஸ் போன் 10 இருந்தா அவங்க கெளம்பிப் போயிட்டாலும் அந்த ஐபி மறுநாள் வரைக்கும் அவங்க பேர்லயே நிக்கும். மதியம் வர்ற புது லேப்டாப்புக்கு மிச்சமே இல்ல, 169.254 வந்துடும். ஏற்கனவே இருக்கறவங்களுக்கு நெட் நல்லா ஓடுது, புதுசா வர்றவங்களுக்கு மட்டும் இல்லன்னா மொதல்ல பூல் மேலதான் சந்தேகப்படணும். நெறைய ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனா லீஸ் லிஸ்ட் அழிஞ்சுடும், அதான் சரியான மாதிரி தெரியுது, ஆனா கூட்டம் வர்ற அடுத்த நாளே மறுபடி அதே கதைதான். பூல 249 வரைக்கும் நீட்டி லீஸ ரெண்டு மணி நேரமா கொறைக்கணும், அதான் உண்மையான தீர்வு.

இன்னொன்னு, கைல ஸ்டாட்டிக் ஐபி போட்டு நெட் வந்ததும் அப்படியே விட்டுடாதீங்க. பூலுக்குள்ள இருக்கற 192.168.1.120-அ போட்டீங்கன்னா, நாளைக்கு ரூட்டர் அதையே வேற ஒருத்தருக்கும் குடுக்கும், ரெண்டு பேருக்கும் விட்டு விட்டு கட் ஆகும். ஆனா டெஸ்ட் பண்ண ஸ்டாட்டிக் ரொம்ப நல்லது: யாரும் கைல போட்டு வைக்காத, பூலுக்கு வெளிய இருக்கற 192.168.1.50 மாதிரி ஒன்னு, மாஸ்க் 255.255.255.0, போட்டுட்டு ரூட்டருக்கு பிங் அடிங்க.

```
ping 192.168.1.1
```

பதில் வந்தா கேபிள், வைஃபை எல்லாம் ஓகே, டிஹெச்சிபி மட்டும்தான் மக்கர். வரலன்னா கேபிள், ஸ்விட்ச் போர்ட், தப்பான விலேன் இந்தப் பக்கம் தேடுங்க. டெஸ்ட் முடிஞ்சதும் ஆட்டோமேட்டிக்குக்கு மாத்திட்டு,

```
ipconfig /release
ipconfig /renew
```

அடிச்சு, புது ஐபி 192.168.1-ல வருதான்னு பாருங்க.