வங்கிச் சாட் நடுவில் லாகின் காலாவதியானால்: என்ன நடக்கிறது, என்ன செய்வது

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பலருக்கும் வங்கிக் கணக்கு பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும், கொடுக்கல் வாங்கல் பொள்ளாச்சியில் இருக்கும். பணம் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் கிளைக்கு நேரில் போக அரை நாள் வேலை கெடும். அதனால் நெட் பேங்கிங்கில் நுழைந்து, அங்கேயே இருக்கும் உதவிச் சாட்டில் கேட்பதுதான் இப்போது வழக்கம். பாதிப் பேச்சில் திரையில் `Session Expired` என்று வந்து நின்றுவிட்டால் பலரும் திகைத்துப் போகிறார்கள். புகார் பதிவானதா, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டுமா, பணம் என்ன ஆகும் என்று ஒன்றும் புரிவதில்லை. அதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில்: ஓடுவது இரண்டு கடிகாரங்கள்

நீங்கள் லாகின் செய்தவுடன் வங்கியின் சர்வர் உங்கள் பெயரில் ஒரு செஷனைத் திறக்கிறது. அந்தப் பக்கத்தில் நீங்கள் எதையாவது அழுத்தி, அதனால் சர்வருக்கு ஒரு வேண்டுகோள் போனால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். சில நிமிடங்கள் எந்த வேண்டுகோளும் போகாவிட்டால் செஷன் முடிந்துவிடும். பணம் புழங்கும் தளங்களுக்கு 2 முதல் 5 நிமிடம் போதும் என்பது இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் பரிந்துரை. பொதுக் கணினியில் யாராவது லாகினைத் திறந்தபடி எழுந்து போய்விட்டால் அடுத்து உட்காருபவர் கையில் கணக்கு சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு குறைவான நேரம்.

சாட் பெரும்பாலும் வேறு சர்வரில் ஓடுகிறது. பல வங்கிகள் அதை வெளி நிறுவனத்தின் மென்பொருளில் நடத்துகின்றன. நீங்கள் சாட் பெட்டியில் தட்டச்சு செய்யும்போது செய்திகள் அந்தச் சர்வருக்குப் போகின்றன, வங்கியின் லாகின் சர்வருக்குப் போவதில்லை. நீங்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாலும் லாகின் கடிகாரத்தின் கணக்கில் சும்மா இருக்கிறீர்கள். சாட்டுக்குத் தனியாக ஒரு கடிகாரம் உண்டு. சில நிமிடங்கள் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் அது பேச்சை மூடிவிடும். முதல் கடிகாரம் நின்றதும் இரண்டாவதும் கூடவே நின்றுவிடும் என்பதில்லை.

எல்லா வங்கியிலும் இதே அமைப்பு இல்லை. சாட் செய்தியையும் செயல்பாடாகக் கணக்கில் எடுக்கும் தளங்களும் உண்டு. உங்கள் வங்கி எந்த வகை என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால் பிரிந்தே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஒரு மாலை நேரத்தில் நடந்தது

எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் ஒருவர் மாதம் 3-ஆம் தேதி பொள்ளாச்சியில் ஒரு தீவனக் கடையில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து 6,400 ரூபாய் அனுப்பினார். கணக்கில் பணம் கழிந்தது, கடைக்காரருக்கு வந்து சேரவில்லை. வீட்டுக்கு வந்து போனில் நெட் பேங்கிங்கைத் திறந்தார்.

7:40-க்கு லாகின் செய்தார். 7:42-க்குக் கணக்கு விவரத்தைப் பார்த்துவிட்டுச் சாட்டை அழுத்தினார். வங்கி சர்வர் அவரிடமிருந்து கடைசியாகக் கேட்டது அதைத்தான். மொழிகளின் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தார், வரிசையில் காத்திருந்தார். 7:45-க்கு ஒரு பெண் ஊழியர் வந்து, "வணக்கம் சார், பணம் எப்போது அனுப்பினீர்கள், எவ்வளவு?" என்று கேட்டார். இவர் பதில் அனுப்பினார். 7:46-க்கு, "யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைத் தாருங்கள் சார்" என்றார். இவர் எண்ணை எடுக்கப் பணம் அனுப்பிய ஆப்புக்குப் போனார். 7:48-க்குத் திரும்பி வந்தபோது `Session Expired. Please login again` என்று பக்கம் வெறுமையாக நின்றது.

"அவர்களோடு பேசிக்கொண்டுதானே இருந்தேன், எப்படி முடிந்தது?" என்று வந்து கேட்டார். அந்த வங்கியில் அவகாசம் 5 நிமிடம். 7:42-இல் தொடங்கிய கணக்கு 7:47-க்கு முடிந்துவிட்டது. இடையில் நடந்த பேச்சு எதுவும் அதில் சேரவில்லை. முடியப்போகிறது என்று எச்சரித்து `Continue` பொத்தானோடு ஒரு சிறு பெட்டி வழக்கமாக வரும். ஆனால் போனில் சாட் ஜன்னல் திரை முழுவதையும் மூடிக்கொள்வதால் அது அடியில் மறைந்துபோகும். வேறு ஆப்புக்குப் போயிருந்தால் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

மறுமுனையில் என்ன தெரிகிறது

உங்கள் லாகின் முடிந்துபோனது ஊழியருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. அவர் ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களோடு பேசுபவர். உங்கள் பெட்டியில் பதில் வரவில்லை என்றால் "இணைப்பில் இருக்கிறீர்களா?" என்று ஓரிரு முறை கேட்பார், பிறகு வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை என்று குறித்து மூடிவிடுவார். அப்படி மூடப்பட்ட பேச்சு ஒரு பதிவாக இருக்கும், ஆனால் அது புகார் ஆகாது. புகார் என்பது ஊழியர் தனிப் படிவத்தில் விவரங்களை நிரப்பி, கணினி ஓர் எண்ணைக் கொடுத்த பிறகுதான் உண்டாகிறது. மாட்டுக்காரர் விஷயத்தில் 12 இலக்க எண் போய்ச் சேரவே இல்லை. அதனால் புகார் பதிவாகியிருக்க வழியில்லை.

சில வங்கிகளில் லாகின் முடிந்தாலும் சாட் ஜன்னல் திறந்தே இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். பேச்சு தொடரும், ஆனால் நீங்கள் யார் என்பதற்கான உறுதி போய்விட்டிருக்கும். கணக்கைப் பற்றி ஏதாவது கேட்டால் ஊழியர் மறுபடி லாகின் செய்யச் சொல்வார். வேறு சில இடங்களில் உடனே லாகின் செய்தால் பழைய பேச்சு அப்படியே திரும்ப வரும்.

செஷன் போன பிறகு செய்ய வேண்டியவை

படி 1. திரையில் கடைசியாகத் தெரிந்த செய்தியைப் பாருங்கள். சாட் இன்னும் தெரிகிறது என்றால் வேறு எதையும் அழுத்தும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்கள் அனுப்பிய கடைசி வரிக்கு அருகில் டிக் குறியோ `Delivered` என்றோ இருக்கிறதா, அல்லது சிறு கடிகாரக் குறியோ `Sending` என்றோ நிற்கிறதா என்று கவனியுங்கள். கடிகாரக் குறியோடு நிற்கும் செய்தி உங்கள் திரையில் மட்டும்தான் இருக்கிறது. ஊழியர் அதைப் பார்க்கவில்லை.

படி 2. `Session Expired` பக்கத்தில் இருக்கும் லாகின் பொத்தானை அழுத்தாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து புதிதாக நுழையுங்கள். இந்திய வங்கிகள் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. முகவரியின் முடிவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

படி 3. மறுபடி சாட்டைத் திறக்கும் முன் `Service Requests` அல்லது `Complaints` என்ற பகுதிக்குப் போங்கள். இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். அங்கே உங்கள் புகார் எண் இருந்தால் பேச்சு அறுந்தாலும் வேலை முடிந்தது என்று பொருள். மறுபடி புகார் கொடுத்தால் ஒரே விஷயத்துக்கு இரண்டு எண்கள் உருவாகிக் குழப்பம்தான் வரும். அங்கே ஒன்றும் இல்லை, எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை என்றால் புகார் பதிவாகவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4. முழு விவரத்தையும் போனின் குறிப்பேட்டில் முதலில் எழுதுங்கள். போனில் தமிழில் தட்டச்சு செய்ய நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை லாகின் கடிகாரத்துக்கு வெளியே செலவழியுங்கள். மாட்டுக்காரருக்காக நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: "3-ஆம் தேதி பகல் 11:20-க்குக் கடை க்யூஆரில் ரூ. 6,400 அனுப்பினேன். கணக்கில் கழிந்தது, கடைக்குச் சேரவில்லை. 12 இலக்க எண் இது. இன்று மாலை 7:45-க்குப் பேசிய சாட் நடுவில் அறுந்தது. புகாராகப் பதிந்து எண் தாருங்கள்." கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும். ஓடிபி, பின் எண், கடவுச்சொல் எதுவும் இதில் வரக் கூடாது.

படி 5. இப்போது சாட்டைத் திறங்கள். பழைய பேச்சு திரும்ப வராவிட்டால் மொழித் தேர்வும் மறுபடி கேட்கப்படும். அவசரத்தில் முதலில் தெரியும் மொழியை அழுத்தினால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பேசுபவரிடம் போய்விடும். வரிசையில் காத்திருக்கும்போது பின்னால் இருக்கும் வங்கிப் பக்கத்தில் கணக்குச் சுருக்கத்தை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சாட் கலையாமல் நின்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதையே செய்து லாகினை உயிரோடு வைத்துக்கொள்ளலாம். கலைந்தால், ஊழியர் வரும் முன்பே தெரிந்தது நல்லது என்று சாட்டை மறுபடி திறங்கள், பிறகு அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். இன்னொரு டேபில் அதே வங்கியைத் திறக்க வேண்டாம், பல தளங்கள் அதற்காகவே வெளியேற்றிவிடும்.

ஊழியர் வந்ததும் குறிப்பேட்டில் இருப்பதை மொத்தமாக ஒட்டுங்கள். எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு லாகின் போனாலும் கவலையில்லை.

பஸ்ஸில் இருந்தபடி செய்யாதீர்கள்

பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ் கோபாலபுரம் தாண்டும்போது போன் தமிழ்நாட்டு வட்டத்திலிருந்து கேரள வட்டத்துக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தில் டேட்டா சற்று நேரம் அறுந்து, ஐபி முகவரியும் மாறக்கூடும். முகவரி மாறினால் வேறு யாரோ நுழைந்ததாகக் கருதிச் செஷனை முடிக்கும் தளங்கள் உண்டு. வாளையாறு வழியாக வந்தாலும் இதே கதைதான்.

அறுந்த பிறகு வரும் போன்

"சாட் துண்டித்துவிட்டது, முடித்துத் தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்று யார் அழைத்தாலும் வைத்துவிடுங்கள். வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600-இல் தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணிலிருந்து வந்தாலும் ஓடிபி கொடுக்கக் கூடாது. உங்கள் பணத்தை வேறு யாரோ எடுத்திருந்தால் சாட்டே வேண்டாம். வங்கியின் தொலைபேசி எண்ணிலும் இணைய மோசடிப் புகாருக்கான 1930-லும் உடனே சொல்லுங்கள்.

பணம் என்ன ஆகும்

கடைக்கு யுபிஐயில் அனுப்பிய பணம் கழிந்தும் சேராவிட்டால், அனுப்பிய நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. தனி நபருக்கு அனுப்பியது என்றால் அவகாசம் ஒரே நாள். புகாருக்காகக் காத்திருக்காமல் வங்கியே இழப்பீட்டை வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆக, சாட் அறுந்ததால் இந்த உரிமை போய்விடாது. மாட்டுக்காரருக்குக் கெடு 8-ஆம் தேதி. பணம் திரும்பியது 11-ஆம் தேதி. மூன்று நாளுக்கு 300 ரூபாய் வர வேண்டும், வரவில்லை. இரண்டாவது சாட்டில் கிடைத்த புகார் எண்ணைச் சொல்லி மறுபடி சாட்டில் கேட்டார். நான்கு நாள் கழித்து அதுவும் கணக்கில் ஏறியது.