'ஊர்' என்ற சொல்லை ஆங்கிலக் கட்டுரையில் எப்படித் தருவது?

கொழும்பில் பழைய வீரகேசரி இதழ்களைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் சறுக்கும் இடம் 'ஊர்'. ஒரு மேற்கோளில் 'வில்லேஜ்', அடுத்ததில் 'ஹோம்' என்று போட்டால், மூலத்தில் இரண்டு வேறு சொற்கள் இருப்பதாகவே தமிழ் தெரியாத வாசகர் எண்ணுவார். வெள்ளவத்தையில் இருப்பவர் 'ஊருக்குப் போறன்' என்றால் அது யாழ்ப்பாண நகரமாகவும் இருக்கலாம். 'வில்லேஜ்' அங்கே பிழை. இப்படியான சொல்லைச் சாய்வெழுத்தில் ஒலிபெயர்த்தே விடுங்கள். முதல் மேற்கோளின் அடிக்குறிப்பில் மூன்று வசனம் போதும்: மொழிபெயர்ப்பு யாருடையது, ஒலிபெயர்ப்பு முறை எது, 'ஊர்' ஏன் அப்படியே நிற்கிறது. கடைசியில் கோப்பில் 'வில்லேஜ்' என்று தேடி, ஒவ்வொன்றையும் தமிழ் மூலத்தோடு ஒப்பிடுங்கள். 'கிராமம்' என்று உள்ள இடத்தில் மட்டும் அது இருக்கட்டும்.