எனாமலா, கியோஷேவா, சன்பர்ஸ்ட்டா? வாட்ச் டயலைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய வாட்ச்சோ புதியதோ, வாங்குவதற்கு முன் டயலை நாமே சோதித்துப் பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும் சின்ன டார்ச் ஒன்றும் போதும். டயல் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால், கேட்கும் விலை நியாயமா, கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

படி 1: சாய்த்துப் பாருங்கள்

விளக்குக்குக் கீழே வாட்ச்சை மெதுவாகச் சாய்க்கும்போது, நடுவிலிருந்து விளிம்பு வரை ஒளிக்கீற்று ஒன்று சுற்றி வந்தால் அது சன்பர்ஸ்ட். பித்தளைத் தகட்டில் பிரஷ்ஷால் ஆரம் போல மெல்லிய கோடுகள் போட்டு, மேலே நிறமும் லேக்கரும் பூசுகிறார்கள். மெஷின் வேலைதான். ஓரியன்ட் பாம்பினோ போன்ற எளிய விலை வாட்ச்களிலும் இது இருக்கிறது. அதனால் சன்பர்ஸ்ட் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. விழுந்தாலும் இந்த டயல் உடையாது. ஈரம் உள்ளே போனால்தான் லேக்கர் கொப்பளித்துப் புள்ளி விழும்.

படி 2: வேலைப்பாட்டின் ஓரங்களை லூப்பில் பாருங்கள்

டயலில் அலை, கட்டம், பார்லி மணி போன்ற நுண்ணிய வடிவங்கள் இருந்தால் அது கியோஷேயாக இருக்கலாம். 1780களில் ஆபிரகாம்-லூயி பிரெகே என்ற வாட்ச் தயாரிப்பாளர் இதை டயல்களுக்குக் கொண்டுவந்தார். ரோஸ் என்ஜின் என்ற மெஷினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கோடாக உலோகத்தைச் செதுக்குவார்கள். கை சற்று அசைந்தாலும் தகடு வீண். விலை ஏறுவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் இதே தோற்றத்தை அச்சில் அழுத்தியும் கொண்டுவரலாம். லூப்பில் வித்தியாசம் தெரியும். செதுக்கியதில் விளிம்புகள் கூர்மையாகவும் வெட்டிய பக்கங்கள் கண்ணாடி போல மின்னியும் இருக்கும். அழுத்தியதில் விளிம்புகள் மழுங்கி, பள்ளங்களில் லேக்கர் நிறைந்திருக்கும். சீக்கோ பிரசாஜ் காக்டெய்ல் டைம் அழுத்திய டயலுக்கு நல்ல உதாரணம். பார்க்க அழகானது, விலை சில நூறு டாலர்தான். அந்த விலைக்கு அதில் குறையே இல்லை. கையால் செதுக்கியது என்று சொல்லி விற்றால்தான் தவறு.

கியோஷே டயலும் விழுந்தால் நொறுங்காது. ஆனால் மேலே உள்ள வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது. யாராவது துணியால் துடைத்தால் கோடுகளின் உச்சியில் அது தேய்ந்துபோகும், மறுபடி பூசினால் பழைய கூர்மை திரும்பாது.

படி 3: எனாமலைப் பக்கவாட்டு ஒளியில் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். செம்புத் தகட்டில் கண்ணாடித் தூளைத் தூவி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் உருக்குகிறார்கள். இப்படிப் பல அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு. செம்பும் கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்காது, அதனால் தகடு வளையாமலிருக்கப் பின்பக்கமும் எனாமல் பூசுவது வழக்கம். கடைசிச் சூட்டில் ஒரு குமிழியோ கரும்புள்ளியோ வந்தால் அதுவரை செய்த வேலை எல்லாம் போச்சு. கழித்துப்போட்ட டயல்களின் செலவும் நல்ல டயலின் விலையில்தான் சேரும்.

முள் செருகும் துளையின் ஓரத்தையும் வெளி விளிம்பையும் லூப்பில் பாருங்கள். உண்மை எனாமல் அங்கே உருகி வழிந்து உருண்டிருக்கும். 'கோல்ட் எனாமல்', அதாவது குளிர் எனாமல், என்று விற்கப்படுவது சூளைக்குப் போகாத பிசின். அது பொதுவாகச் சமமாகப் பரவியிருக்கும்.

எனாமல் கண்ணாடி என்பதால் நூறு வருடம் ஆனாலும் வெண்மை மங்காது, ஆனால் அடிபட்டால் விரியும். மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் நடுத் துளையிலிருந்தோ, டயலைப் பிடித்திருக்கும் கால்களுக்கு நேர் மேலேயோ, விளிம்பிலிருந்தோ கிளம்பும். டயல் ஸ்க்ரூவை அதிகமாக முறுக்கினாலும் அப்படி ஆகும்.

பழைய பாக்கெட் வாட்ச் ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பார்த்தால் டயல் சுத்தம். டார்ச்சை விளிம்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், நடுத் துளையிலிருந்து 7 மணி எண் வரை ஒரு கோடு தெரிகிறது. அழுக்கை வெளுத்து எடுத்ததால் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. அடுத்து புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்ந்தால், பெயர்ந்த சில்லைப் பிசினால் நிரப்பியிருக்கலாம். கோடு மட்டும்தான் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். நிரப்பிய சில்லும் இருந்தால் நான் வாங்க மாட்டேன். அதைத் தெரியாதபடி சரிசெய்ய முடியாது.

படி 4: விலை வித்தியாசத்தைப் பிரித்துப் பாருங்கள்

பிரசாஜ் வரிசையிலேயே எனாமல் டயல் மாடல்கள் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் வாட்ச்சை உள்ளிருந்து ஓட்டும் மூவ்மென்ட் காக்டெய்ல் டைமில் பொதுவாக 4ஆர் வகை, எனாமல் மாடல்களில் அதைவிட உயர்ந்த 6ஆர் வகை. ஆகவே வித்தியாசம் முழுவதும் டயலுக்கானது அல்ல. இரண்டு வாட்ச்களை ஒப்பிடும்போது மூவ்மென்டும் கேஸும் ஒரே தரமா என்று முதலில் பார்த்துவிட்டு, மிச்ச வித்தியாசத்தை மட்டும் டயலின் கணக்கில் எழுதுங்கள்.

அப்புறம், எனாமல் வாட்ச்சை சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால், முன்பு எனாமல் டயல்களைக் கழற்றிப் பழக்கம் உண்டா என்று ரிப்பேர்காரரிடம் கேளுங்கள். அவர் பிரிக்கும் முன்பே பக்கவாட்டு ஒளியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.