பதினொரு ‘மோட்டார்’, ஒரே பத்தியில்

மோட்டாரைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு பத்தி எழுதினேன். ‘மோட்டார்’ மட்டும் பதினொரு முறை. வாசிக்கவே முடியவில்லை.

முதலில் எல்லாவற்றையும் ‘அது’ ஆக்கினேன்: “வடிகட்டியை எடுத்து மூடியைத் துடையுங்கள். அதைக் கழுவிக் காயவையுங்கள்.” வாசித்த நண்பர் மூடியைக் கழுவிவிட்டு, அழுக்கு வடிகட்டியையே திரும்பப் போட்டார். அவர்மேல் தப்பில்லை, ‘அதை’ பக்கத்தில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டது. அவன், அவள் என்றால் பால் பிரித்துக் காட்டும். இரண்டும் அஃறிணையானால் ‘அது’வுக்கு அந்த வசதி இல்லை. பிறகு ‘இக்கருவி’, ‘இயந்திரம்’ என்று மாற்றிப் பார்த்தேன். மூன்று பொருள்கள் இருப்பதுபோல் ஆயிற்று. இப்படி இரண்டு நாள் போனது.

கடைசியில் சுட்டுப்பெயரைத் தேடுவதை விட்டு, வினையெச்சத்தால் கோத்தேன். பொருள் மாறும் இடத்தில் மட்டும் பெயரைச் சொன்னேன்:

“மோட்டாரை நிறுத்தி, மூடியைக் கழற்றித் துடையுங்கள். வடிகட்டியை எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். கிழிந்திருந்தால் புதியதைப் போடுங்கள்.”

‘கழுவி’, ‘காயவையுங்கள்’, ‘கிழிந்திருந்தால்’ மூன்றும் பெயரில்லாமலே வடிகட்டியைச் சுட்டுகின்றன. ‘புதியது’ என்ற ஒரு சொல் ‘புதிய வடிகட்டி’க்குப் பதிலாக நிற்கிறது. ‘மோட்டார்’ இப்போது ஒரே ஒரு முறைதான். அதே நண்பரிடம் மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை வடிகட்டிதான் நனைந்தது.