பெரியப்பாவிடம் காட்டப்போகும் நான்கு பக்கத் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தருவது என் வேலை. சமீப காலமாக, வீட்டிலேயே ஒருவர் தன் சேமிப்பைப் போடுகிறார், அவருக்குக் காட்ட நாலு பக்கம் வேண்டும் என்று இளைஞர்கள் வருகிறார்கள். கூட்டல் பிழை, எழுத்துப் பிழையெல்லாம் யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் போகும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முழுப் பணத்தையும் திறப்பு விழாவுக்கு முன்பே செலவழிப்பது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் ஓர் இளைஞர் மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கான திட்டம் ஒன்றோடு வந்தார். பணம் போடுபவர் அவருடைய பெரியப்பா, ஓய்வு பெற்றபோது வந்த தொகையிலிருந்து 6 லட்சம். மோட்டாருடன் செக்கு 2.5 லட்சம், கடை அட்வான்ஸ் 1.5 லட்சம், கரண்ட் வேலை, பெயர்ப்பலகை, அலமாரி எல்லாம் 1 லட்சம், உரிமம், பாட்டில் வகைக்கு 50,000. மீதி 50,000 ரூபாய்க்கு நேரே ‘கடலை கொள்முதல்’ என்று அந்த இளைஞர் எழுதியிருந்தார். கூட்டினால் சரியாக 6 லட்சம்.

அந்த 50,000 எத்தனை நாள் வரும்? ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். தினம் 20 லிட்டர் ஆட்டுவதாகத் திட்டம். அப்படியானால் ஒரு நாளைக்கு 50 கிலோ. கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் தினம் 6,500 ரூபாய். எட்டு நாள்கூட ஓடாது.

எட்டு நாளில் விற்ற பணம் திரும்பிவிடும் என்றார் அவர். வராது. கடலை மூட்டை ஒரு வாரம் இருப்பில் இருக்கும். ஆட்டிய எண்ணெய் தெளிய இரண்டு மூன்று நாள் ஆகும். பாட்டில் விற்க இன்னும் சில நாள். ஆக, கடைக்கே வந்து வாங்குபவரின் பணம்கூடக் கைக்கு வர பதினைந்து நாள். பாதிச் சரக்கை மளிகைக் கடைகளுக்குப் போடுவதாகவும் எழுதியிருந்தார். அவர்கள் ஒரு மாதம் கழித்துத்தான் தருவார்கள், அதையும் சேர்த்தால் 45 நாள். சராசரியாக 30 நாள் கொள்முதல் முடங்கிக் கிடக்கும்: 1,95,000 ரூபாய். வாடகை, ஆள் கூலி, கரண்ட் மாதம் 40,000 என்றால், வியாபாரம் பிடிக்கும் வரை மூன்று மாதத்துக்கு 1,20,000. புண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். கடலை போக மற்றச் செலவான 5.5 லட்சத்தோடு இந்த இரண்டையும் சேர்த்தால் உண்மையான தேவை எட்டரை லட்சத்துக்கு மேல் போகிறது.

இது காகிதத்தில் தெரியாததற்குக் காரணம், லாப நட்டக் கணக்கு மட்டும் போடுவது. அதில் மளிகைக் கடைக்குப் போட்ட சரக்கு அன்றே வருமானமாகிவிடும். திட்டத்தில் ‘மாதக் கடைசியில் கையில் இருக்கும் பணம்’ என்று ஒரு பத்தி போட்டு, பணம் உண்மையில் வரும் மாதத்தில் மட்டும் எழுதுங்கள். எந்த மாதத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ, அந்த மாதம் பெரியப்பாவிடம் மறுபடி போய் நிற்பீர்கள். அப்போது அவரால் மறுக்கவும் முடியாது. மறுத்தால் போட்ட 6 லட்சமும் போய்விடும் என்று பயந்து இன்னொரு டெபாசிட்டை உடைப்பார். இந்தக் கட்டத்துக்கு வந்த குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த இளைஞரோடு உட்கார்ந்து திருத்தி எழுதினோம். மெயின் ரோட்டுக் கடையை விட்டு உள்தெருவில் அட்வான்ஸ் குறைவான இடம். அலமாரிச் செலவு பாதி. முதல் ஆறு மாதம் பெரும்பாலும் கூலிக்கு ஆட்டித் தருவது. விவசாயி தன் கடலையைக் கொண்டுவருவார், ஆட்டுக்கூலி அன்றே கையில் வரும், கொள்முதலுக்குப் பணம் முடங்காது. மளிகைக் கடைகளுக்கு அப்புறம் போடலாம். லாபம் குறைவாகத்தான் தெரிந்தது. ஆனால் எந்த மாதத்திலும் கை காலியாகவில்லை.

கடனா, பங்கா என்று எழுதாமல் விடுவது

‘பெரியப்பா முதலீடு’ என்று மட்டும் எழுதினால் அவர் ஒன்று நினைப்பார், நீங்கள் ஒன்று நினைப்பீர்கள். கடன் என்றால் வட்டி எவ்வளவு, தவணை எந்த மாதம் தொடங்கும் என்று எழுதுங்கள். மரியாதைக்காக அவரைப் பார்ட்னராகச் சேர்ப்பது வழக்கம். அதில் ஆபத்து உண்டு. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி கடையின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு. நீங்கள் கடலை மண்டியில் வைத்த பாக்கிக்கு அவர் வீடு வரை ஆள் வரலாம். பெரும்பாலான சின்னக் கடைகளுக்கு, எழுதிக் கையெழுத்திட்ட கடனே அவருக்குப் பாதுகாப்பு.

ரொக்கமாக வாங்குவது

20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்காதீர்கள். வருமான வரித்துறை வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம்.

உங்கள் வீட்டுச் செலவை எழுதாமல் விடுவது

எழுதாவிட்டாலும் அது கல்லாவிலிருந்துதான் போகும்.

நிறுத்தும் இடத்தைச் சொல்லாமல் விடுவது

கையிருப்பு எந்தத் தொகைக்குக் கீழே போனால் கடையை மூடுவீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். செக்கை விற்றால் எவ்வளவு வரும், அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், அதில் பெரியப்பாவுக்கு முதலில் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இளைஞர் 75,000 என்று எழுதினார். பெரியப்பா அதை ஒரு லட்சமாக மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.