வெளியூரில் இருப்பவரைக் குழுப் படத்தில் சேர்த்தோம்: அதற்கான குறிப்பில் வரும் தவறுகள்

எங்கள் சென்னை அலுவலக வாசல்படியில் 14 பேர் நின்று குழுப் படம் எடுத்துக்கொண்டோம். கணக்குப் பிரிவில் இருக்கும் 15ஆவது ஆள் நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அவர் சம்மதத்தோடு அவர் படத்தையும் உள்ளே சேர்த்தோம். அதை எல்லோருக்கும் தெரிவிக்கும் குறிப்பை எழுத வேண்டியது அலுவலக மேலாளரான நான்தான். அனுப்பும் முன் அவரிடம் ஒருமுறை காட்டினேன். ஒரு வரியை அடித்துத் திருப்பி அனுப்பினார்.

நான் எழுதியிருந்தது இது: "அம்மாவின் சிகிச்சைக்காக ஊரில் தங்கியிருக்கும் நம் தோழியையும் படத்தில் சேர்த்திருக்கிறோம்." அன்போடுதான் எழுதினேன். ஆனால் அவர் சம்மதித்தது தன் படத்துக்கு, வீட்டு விஷயத்துக்கு அல்ல. அலுவலகத்தில் நான்கு பேருக்கு மட்டுமே தெரிந்திருந்ததை நாற்பது பேருக்குச் சொல்லப் பார்த்திருக்கிறேன். இத்தகைய குறிப்புகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் ஏன் வெளியூரில் இருக்கிறார் என்பதைக் குறிப்பில் எழுதவே தேவையில்லை. ஊர்ப் பெயரையும் அவர் சரி என்றால் மட்டும் போடுங்கள்.

அடுத்தது, எதற்குச் சம்மதம் என்று சொல்லாமல் "அவர் சம்மதத்துடன்" என்று முடித்துவிடுவது. நான் முதலில் வாட்ஸ்அப்பில் "உங்க படத்தையும் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டேன், "சரி" என்று பதில் வந்தது. அந்தச் "சரி" வரவேற்பறைச் சுவருக்கா, இணையதளத்துக்கா, வேலைக்கு ஆள் தேடும் விளம்பரத்துக்குமா? யோசித்துப் பார்த்து, இடங்களைத் தனித்தனியாக எழுதி மறுபடி கேட்டேன். சுவருக்கும் இணையதளத்துக்கும் சரி என்றார், வாடிக்கையாளருக்குப் போகும் பொங்கல் வாழ்த்து அட்டைக்கு வேண்டாம் என்றார். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, அதேபோல எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதனால் எந்தெந்த இடம் என்பதைக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். வாழ்த்து அட்டை தயாரிக்கும் வடிவமைப்பாளருக்கு அது அப்போதுதான் தெரியும்.

சம்மதம் வாங்கும்போது மூலப்படத்தை மட்டும் காட்டுவதும் போதாது, முடித்த படத்தைக் காட்ட வேண்டும். யார் பக்கத்தில் நிற்கிறோம், உயரம் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அடையாள அட்டைப் படத்தை வெட்டி ஒட்டினால் கண்டிப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் படத்தில் வெயில் இடது பக்கத்திலிருந்து விழுந்தது. அதனால் அவரையும் காலை நேரத்தில், வெளிச்சம் படத்தின் இடப்பக்கம் இருக்க, தலை முதல் கால் வரை, ஏழெட்டு அடி தள்ளி நின்று நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து எடுக்கச் சொன்னோம். மிக அருகில் எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெரிதாகத் தெரியும், மற்றவர்களோடு பொருந்தாது. தாடைக்குக் கீழே நிழல் எந்தப் பக்கம், பாதத்தடியில் நிழல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் நன்றாகப் பொருந்திவிட்டால் இன்னொரு தவறு செய்யத் தோன்றும்: சேர்த்ததைச் சொல்லாமல் விடுவது. அப்புறம் "எப்போ சென்னை வந்தே, சொல்லவே இல்ல?" என்று அவரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். குறிப்பில் எழுதினாலும் போதாது. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் கோப்புக்குள் எழுதிய விவரங்கள் போய்விடும், குறிப்பும் கூடவே வராது. படத்தின் கீழே வெள்ளை ஓரம் விட்டு அதிலேயே ஒரு வரி போடுவதுதான் நிற்கும்.

கடைசியில் அனுப்பிய குறிப்பு இது:

"குழுப் படம் தயார். 14 பேர் சென்னையில் எடுத்த படத்தில், நாகர்கோவிலில் இருந்து பணிபுரியும் நம் சக ஊழியரின் படம் அவர் சம்மதத்தோடு பின்வரிசையில் வலப்பக்கம் சேர்க்கப்பட்டுள்ளது. முடித்த படத்தை அவர் பார்த்து ஒப்புக்கொண்டார். வரவேற்பறையிலும் இணையதளத்திலும் மட்டும் பயன்படுத்தப்படும். வேறு எதற்கும் வேண்டுமென்றால் முதலில் அவரைக் கேளுங்கள். படத்தில் உள்ள எவரும் தம் படத்தை எடுத்துவிடச் சொல்லலாம், எனக்கு ஒரு மின்னஞ்சல் போதும்."

அந்தக் கடைசி வரியை எழுதினால் செய்து காட்டவும் முடிய வேண்டும். படம் எடுக்கும் அன்றே இரண்டு படங்கள் எடுத்துவைத்தோம். ஒன்றில் அவருக்கு இடம் விட்டு நின்றோம், மற்றொன்றில் நெருங்கி நின்றோம். அவர் நாளை வேண்டாம் என்றால் வாயில் பல் விழுந்தது போல இடைவெளி தெரியாமல் மாற்றிவிடலாம்.