விற்பனைக் கணக்கிலிருந்து ரீஆர்டர் பாயிண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் தானாகவே மின்னஞ்சலில் வந்து சேரும் இருப்பு அறிக்கை, எந்தச் சரக்கை இன்று ஆர்டர் செய்ய வேண்டும் என்பதைப் பழைய பில்களைக் கொண்டே முடிவு செய்கிறது. இருப்பு எந்த எண்ணுக்கு இறங்கினால் ஆர்டர் செய்ய வேண்டுமோ, அந்த எண்ணே ரீஆர்டர் பாயிண்ட். அந்த முடிவு பெரும்பாலும் சூத்திரத்தால் கெடுவதில்லை. விற்பனைப் பதிவே இல்லாத நாட்களை எப்படி எடுத்துக்கொள்வது என்ற இடத்தில்தான் அது கெடுகிறது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருசக்கர வாகன உதிரிபாகம் விற்கும் ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு விடுமுறை என்பதால் 13 வாரங்களில் 78 வேலை நாட்கள். ஒரு குறிப்பிட்ட பிரேக் ஷூ அந்தக் காலத்தில் மொத்தம் 396 செட் விற்றிருக்கிறது. ஆனால் அதற்கு பில் போட்ட நாட்கள் 60 மட்டுமே. மீதமுள்ள 18 நாட்களில் 6 நாட்கள் சரக்கு இருந்தும் யாரும் கேட்டு வரவில்லை. 12 நாட்கள் அலமாரியே காலியாக இருந்தது.

பில் அட்டவணையை மட்டும் தேதிவாரியாகத் தொகுத்துச் சராசரி எடுத்தால், விற்காத நாட்கள் கணக்கிலேயே வராமல் நாளொன்றுக்கு 6.6 என்று கிடைக்கும். இதைத் திருத்துவதாக நினைத்து விடுபட்ட எல்லா நாட்களிலும் பூஜ்யத்தை நிரப்பினால் 5.08 வரும். இரண்டாவது தவறு பார்வைக்கு ஒழுங்காகத் தெரிவதால் அதிக ஆபத்தானது: சரக்கு இல்லாததால் விற்காத நாளை, தேவையே இல்லாத நாளாக அது பதிவு செய்கிறது. சராசரி குறைகிறது, ரீஆர்டர் பாயிண்ட் இறங்குகிறது, சரக்கு முன்பைவிட அடிக்கடி தீர்கிறது, அடுத்த மாதச் சராசரி இன்னும் குறைகிறது. சரக்கு இருந்த 66 நாட்களால் வகுத்துக் கிடைக்கும் 6 என்பதே தேவைக்கு நெருங்கிய எண்.

இதற்குக் கடை திறந்திருந்த நாட்களின் பட்டியலும், தினசரித் தொடக்க இருப்பும் வேண்டும்:

```sql
SELECT c.dt, COALESCE(s.qty, 0) AS qty
FROM calendar c
JOIN daily_stock k
  ON k.dt = c.dt AND k.item = 'BS-110'
LEFT JOIN daily_sales s
  ON s.dt = c.dt AND s.item = 'BS-110'
WHERE c.shop_open = 1 AND k.opening_qty > 0;
```

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்ததைப் போல மழையால் கடை திறக்காத நாட்களுக்கு `shop_open` பூஜ்யமாக இருக்க வேண்டும். காலையில் மூன்று செட் இருந்து அவை மதியத்துக்குள் தீர்ந்துவிட்ட நாட்களை இந்த வினவல் பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நாட்களைச் சேர்த்தாலும் நீக்கினாலும் சராசரி சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே அவை அதிகமாக இருந்தால் முடிவைக் கையால் கொஞ்சம் உயர்த்துவதே நியாயம்.

அடுத்த தவறு, தேவை எதிர்பாராமல் கூடினால் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்பில் நேர்கிறது. இந்த 66 நாட்களின் தினசரி விற்பனையின் திட்ட விலக்கம் 3 செட் என்றும், சரக்கு வந்து சேரச் சராசரியாக 9 வேலை நாட்கள் ஆகிறது என்றும் கொள்வோம். ஒரு நாள் விலக்கத்தை 9 நாட்களுக்கு மாற்ற 9-ஆல் பெருக்கக் கூடாது, அதன் வர்க்கமூலமான 3-ஆல் பெருக்க வேண்டும். ஏனெனில் ஒரு நாள் கூடுவதும் மறுநாள் குறைவதும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். 100 ஆர்டர் சுற்றுகளில் சுமார் 95-இல் சரக்கு தீராமல் இருக்க 1.65 என்ற பெருக்கியைப் பயன்படுத்தினால், 1.65 × 3 × 3, அதாவது 15 செட் கிடைக்கிறது.

ஆனால் இந்த 15, லாரி ஒவ்வொரு முறையும் சரியாக ஒன்பதாம் நாளில் வந்துவிடும் என்று நம்புகிறது. சப்ளையர் வாயால் சொல்லும் நாளை விட்டுவிட்டு, பர்ச்சேஸ் ஆர்டர் தேதிக்கும் சரக்கு உள்வரவு தேதிக்கும் இடையே உள்ள வேலை நாட்களை ஆர்டர் வாரியாக எண்ணிப் பார்த்தால், அதிலும் 2 நாள் விலக்கம் இருப்பது தெரியவரலாம். அப்போது SS என்ற பாதுகாப்பு இருப்பும் ROP என்ற ரீஆர்டர் பாயிண்ட்டும் இப்படி வரும்:

```
SS  = 1.65 * sqrt(9*3^2 + 6^2*2^2) = 1.65 * 15 ≈ 25
ROP = 6*9 + 25 = 79
```

12 போலிப் பூஜ்யங்களையும் சேர்த்து இதே சூத்திரத்தை ஓட்டினால் விலக்கம் சற்றுக் கூடினாலும் ரீஆர்டர் பாயிண்ட் 70-இலேயே நின்றுவிடும். மாதத்துக்கு ஒன்றிரண்டு மட்டுமே விற்கும் பாகங்களுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. அவற்றுக்குக் குறைந்தபட்ச இருப்பைக் கையால் நிர்ணயித்துக்கொள்வது மேல்.

79 என்ற எண்ணை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் பிழை வரும். அலமாரியில் 60 செட் இருக்க, 100 செட் ஏற்கெனவே வழியில் இருந்தால், கையிருப்பை மட்டும் பார்க்கும் அறிக்கை லாரி வரும்வரை தினமும் காலையில் அதே பிரேக் ஷூவை மறுபடி ஆர்டர் செய்யச் சொல்லும். ஒப்பிட வேண்டியது, கையிருப்போடு வழியில் உள்ள சரக்கைக் கூட்டி, வாடிக்கையாளர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு இன்னும் தராததைக் கழித்து வரும் எண்ணையே. சப்ளையர் அனுப்பாமல் விட்ட பழைய ஆர்டர்கள் மென்பொருளில் மூடப்படாமல் கிடந்தால் அந்த எண்ணும் பொய்யாகப் பெருத்து, ஆர்டர் செய்ய வேண்டிய சரக்கு அறிக்கையில் தலைகாட்டவே காட்டாது. ஆகவே சராசரிக் காலத்தைத் தாண்டி நிலுவையில் உள்ள ஆர்டர்களை அறிக்கையின் அடியில் தனிப் பட்டியலாகக் காட்டுவது அவசியம்.